பருப்பு ரசத்தை ஸ்பானிஷில் எழுத: எந்தப் பெயர், எந்த அளவு, எந்த வினை?

சிங்கப்பூரில் ஒரு சமையல் குறிப்பை மொழி மாற்றிக் கொடுப்பது நமக்குப் பழகிய வேலை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் புளி என்பதற்கு ‘அசாம் ஜாவா’ என்றால் போதும், சீரகத்துக்கு ‘ஜிந்தான் பூத்தே’ என்றால் போதும். அவரும் நாமும் ஒரே தேக்கா சந்தையில், ஒரே அலமாரியில் இருந்து அதே பொட்டலத்தை எடுக்கிறோம். சொல் கொஞ்சம் பிசகினாலும் பொருள் பிசகாது. ஸ்பானிஷில் எழுதும்போது அந்தப் பொது அலமாரி இல்லை. படிப்பவர் மெக்சிகோவில் இருக்கலாம், ஸ்பெயினில் இருக்கலாம். ரசத்தை ஒருமுறைகூடக் குடித்திராதவராகவும் இருக்கலாம். அவர் கையில் இருப்பது நாம் எழுதிய தாள் மட்டும்தான்.

என் அக்கா மகளுக்கு இந்தத் தேவை உண்மையாகவே வந்தது. அவள் கணவர் மெக்சிகோக்காரர். மாமியார் மெக்சிகோ நகரத்தில் இருக்கிறார், நாத்தனார் வேலைக்காக ஸ்பெயினின் பில்பாவோவில் இருக்கிறார். சிங்கப்பூர் வந்தபோது எங்கள் அம்மா வைத்த பருப்பு ரசத்தைக் குடித்துவிட்டு, இருவருமே செய்முறையைக் கேட்டார்கள். “சித்தி, நீங்கதான் ஸ்பானிஷ் படிச்சிருக்கீங்களே, எழுதிக் கொடுங்க” என்று வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. ஸ்பானிஷ் சொற்களை இங்கே மெக்சிகோ உச்சரிப்புக்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

எழுத உட்கார்ந்தால் மூன்று வழிகள் முன்னால் நிற்கும். அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் ஸ்பானிஷாக்குவது ஒன்று. துவரம்பருப்பு, பெருங்காயம், தாளிப்பு என்று நம் பெயர்களை அப்படியே விட்டு, பக்கத்தில் விளக்கம் சேர்ப்பது இரண்டாவது. மூன்றாவது, படிப்பவர் கடையில் எதைத் தேடுவார், அடுப்பில் எதைப் பார்ப்பார், எதைக் கேட்பார் என்று நினைத்து அதை எழுதுவது. முழுக் குறிப்புக்கும் ஒரே வழியைப் பிடித்துக்கொள்ளத்தான் பலருக்குத் தோன்றும். எனக்கு அது சரியாகப் படவில்லை. பொருளின் பெயருக்கு ஒரு வழி, அளவுக்கு இன்னொரு வழி, சமையல் வினைக்கு வேறொரு வழி என்று பிரித்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பெயர்களில் முதலில் தொல்லை இல்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். சீரகம் ‘கொமீனோ’, மஞ்சள் ‘கூர்குமா’, பூண்டு ‘ஆஹோ’, புளி ‘தமரிந்தோ’. இவற்றுக்கு அகராதியே போதும். மெக்சிகோவில் புளி எல்லோருக்கும் தெரிந்த பொருள். அதைக் கரைத்துச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறார்கள், அதில் மிட்டாயும் செய்கிறார்கள். ஆனால் அங்கே கடையில் ‘புளிச் சதை’ என்று விற்பதில் சர்க்கரை சேர்ந்திருக்கலாம், மிட்டாயில் மிளகாயும் உப்பும் இருக்கும். அதனால் ‘சின் அசூகார்’, அதாவது சர்க்கரை இல்லாதது, என்று பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். முழுக் காயாக வாங்கினால் ஓடும் நரம்பும் விதையும் நீக்கியபின் எடுத்த எடை என்றும் சொல்ல வேண்டும்.

அகராதி நம்மைக் கைவிடும் இடம் மிளகு. மிளகு ‘பிமியெந்தா’. கடைசி எழுத்தில் ‘ஆ’வுக்குப் பதில் ‘ஓ’ வந்தால் ‘பிமியெந்தோ’, அது குடைமிளகாய். ‘பிமெந்தோன்’ என்றால் ஸ்பெயினில் சிவப்பு மிளகாய்த்தூள். புகை வாசனை உள்ளதும் உண்டு, காரமே இல்லாததும் உண்டு. அதே ‘பிமெந்தோன்’ கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் குடைமிளகாயையே குறிக்கும். மெக்சிகோவில் ‘பிமியெந்தா கோர்தா’ என்று ஒன்று இருக்கிறது, அது கிராம்பும் பட்டையும் கலந்தது போல மணக்கும் வேறு ஒரு காய். ஆக, வெறும் மிளகு என்று எழுதாமல் ‘பிமியெந்தா நேக்ரா என் க்ரானோ’, கருமிளகு, முழு மணியாக, என்று எழுதினால்தான் நாம் நினைக்கும் பொருள் அவர் கைக்குப் போகும்.

தக்காளி, மிளகாய் இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் நமக்கு வந்தன. மெக்சிகோ நகரத்தில் சிவப்புத் தக்காளிக்கு ‘ஹிதொமாத்தெ’ என்று பெயர். ‘தொமாத்தெ’ என்று மட்டும் எழுதினால், உறை மூடிய பச்சை நிறப் புளிப்புக் காய் ஒன்றை எடுத்துவிட இடமிருக்கிறது. ஸ்பெயினில் ‘ஹிதொமாத்தெ’ என்று யாரும் சொல்வதில்லை, அங்கே ‘தொமாத்தெ’தான். காய்ந்த மிளகாய் மெக்சிகோவில் ‘சீலெ சேகோ’. சீலெ வகைகள் அங்கே ஏராளம் என்பதால் மெல்லியதாக, நீளமாக, காரமாக இருக்கும் ‘சீலெ தெ ஆர்போல்’ என்று வகையைச் சொல்லிவிடுவது நல்லது. ஸ்பெயினில் அது ‘கிந்தியா’. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை நாடுகளில் ‘அஹீ’.

இங்கேதான் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: மெக்சிகோவுக்கு ஒரு தாள், ஸ்பெயினுக்கு ஒரு தாள் என்று இரண்டு எழுதுவதா, இல்லை பொதுவாக ஒன்று எழுதுவதா? இரண்டு தாள்கள் எழுதினால் ஒவ்வொன்றும் படிக்க இயல்பாக இருக்கும். ஆனால் அம்மா நாளைக்கு உப்பைக் குறைக்கச் சொன்னால் இரண்டிலும் திருத்த வேண்டும், ஒன்றில் விட்டுப்போகும். எண்ணிப் பார்த்தால் இந்த ரசத்தில் நாட்டுக்கு நாடு பெயர் மாறுவது தக்காளி, மிளகாய், பருப்பு என்று மூன்றே பொருள்களில்தான். அந்த மூன்று இடத்தில் மட்டும் சாய்கோடு போட்டு இரண்டு பெயரையும் எழுதி ஒரே தாளாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. இதுவே சாம்பாராக இருந்து, காய்கறிகளின் பெயரும் சேர்ந்துகொண்டால் இரண்டு தாள்தான் எழுதுவேன். பீன்ஸ் ஒன்றுக்கே ஸ்பானிஷ் உலகில் நாட்டுக்கொரு பெயர் இருக்கிறது.

துவரம்பருப்பு தனியாகப் பேச வேண்டியது. துவரைக்கு ஸ்பானிஷில் பெயர் இல்லாமல் இல்லை. போர்ட்டோ ரிக்கோவில் அது ‘கந்தூல்’, அங்கே சோற்றோடு சேர்த்துச் சமைக்கும் முக்கியமான உணவு. கொலம்பியாவிலும் பனாமாவிலும் ‘குவாந்தூ’, வெனிசுவேலாவில் ‘கின்ச்சோன்ச்சோ’. ஆனால் அவர்கள் சாப்பிடுவது பெரும்பாலும் தோலோடு இருக்கும் முழுத் துவரை, பச்சையாகவோ காய்ந்ததாகவோ. நாம் ரசத்துக்குப் போடுவது தோல் நீக்கி உடைத்த மஞ்சள் பருப்பு. ‘கந்தூல்’ என்று மட்டும் எழுதினால் ஒருவர் முழுத் துவரையை வேகவைத்து, அது கரையவில்லையே என்று காத்துக்கொண்டிருப்பார். மெக்சிகோ நகரத்திலும் பில்பாவோவிலும் அந்தப் பெயரே பலருக்குப் பழக்கமில்லை. இந்த ஒரு பொருளுக்கு இரண்டாவது வழிதான் சரி. இந்தியப் பொருள் விற்கும் கடைகளில் பொட்டலத்தின்மேல் ‘தூர் தால்’ என்றுதான் அச்சிட்டிருக்கும். அதை அப்படியே எழுதி, பக்கத்தில் ‘கந்தூல் பெலாதோ இ பார்தீதோ’, தோல் நீக்கி உடைத்த துவரை, என்று சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் தோல் நீக்கிய சிவப்பு மைசூர்ப்பருப்பு, ‘லெந்தேஹா ரோஹா பெலாதா’. ரசத்தில் பருப்பு கரைந்துபோவதால் இந்த மாற்று ருசியைப் பெரிதாகக் கெடுக்காது.

பருப்பு வகைகளில் இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், பாசிப்பருப்பு ரசம் வைப்பவர்களுக்கு உதவும். ஸ்பெயினில் பச்சைப்பயறு ‘சோஹா பெர்தெ’, பச்சை சோயா, என்ற பெயரில் விற்கப்படுவது வழக்கம். அதற்கும் சோயாவுக்கும் சம்பந்தமில்லை. அகராதி சொல்லும் பெயரைத் தேடுபவர் கடை அலமாரியில் அதைக் காணாமல் திரும்பிவிடுவார்.

கறிவேப்பிலையும் பெருங்காயமும் எளிதில் மாற்றுக் கிடைக்காதவை. கறிவேப்பிலை ‘ஓஹாஸ் தெ கரி’. இதற்குக் கறிமசால் தூளை யாரும் போட்டுவிடாமல் இருக்க, இலை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வாசனை இலைதானே என்று பிரிஞ்சி இலையைப் போடச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். அது வேறு மணம், ரசத்தின் முகமே மாறிவிடும். கிடைக்காவிட்டால் விட்டுவிடச் சொல்லுங்கள், கொத்தமல்லித் தழை கூடுதலாகப் போட்டுக்கொள்ளட்டும். பெருங்காயம் ‘அசஃபேதிதா’. இங்கே ஒரு எச்சரிக்கை எழுதியே ஆக வேண்டும்: கடையில் விற்கும் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் பொட்டலத்தைப் படித்து, அரிசி மாவு கலந்ததைத் தேடி வாங்க வேண்டும். ரசத்தில் கோதுமை இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

இனி அளவு. அம்மா சொல்லும் அளவு, “ஒரு சின்ன எலுமிச்சை அளவு புளி.” தமிழ்ச் சமையலில் இதைவிடத் தெளிவான அளவு கிடையாது. சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளைக்கும் இது உடனே புரிகிறது. இதை ஸ்பானிஷில் ‘லிமோன்’ என்று எழுதினால் மெக்சிகோ மாமியார் சரியாகச் செய்துவிடுவார், ஏனென்றால் அங்கே ‘லிமோன்’ என்பது நம் எலுமிச்சை போன்ற சிறிய பச்சைப் பழம். பில்பாவோ நாத்தனார் எடுப்பது முட்டையைவிடப் பெரிய மஞ்சள் பழம், நூறு கிராமுக்கு மேல் நிற்பது. அந்த அளவுக்குப் புளியை உருட்டினால் தேவையைப் போல நான்கைந்து மடங்கு போய்விடும், ரசத்தை வாயில் வைக்க முடியாது. சரி, ஸ்பெயினில் சிறிய பச்சைப் பழத்துக்கு ‘லீமா’ என்கிறார்களே, அதை எழுதலாம் என்றால், மெக்சிகோவில் ‘லீமா’ என்பது வேறு ஒரு எலுமிச்சை வகை. எந்தப் பழத்தின் பெயரை எழுதினாலும் ஒரு நாட்டில் பிழையாகும். சின்ன எலுமிச்சை அளவுப் புளியைத் தராசில் வைத்து, 20 கிராம் என்று எழுதுவதுதான் ஒரே வழி.

அப்படியானால் எல்லாவற்றையும் கிராமில் எழுதிவிடலாமா? ஸ்பெயினில் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் கிராமில்தான் இருக்கும். மெக்சிகோவில் ‘தாசா’, அதாவது சுமார் 240 மில்லிலிட்டர் பிடிக்கும் கோப்பை, பரவலாகப் புழங்குகிறது. இரண்டு பேருக்கும் பொதுவானவை கரண்டிகள். ‘குச்சராதா’ 15 மில்லிலிட்டர், ‘குச்சராதீத்தா’ 5 மில்லிலிட்டர். இந்த இரண்டு சொல்லையும் மாற்றிப் படித்துவிட்டால் மிளகு மூன்று மடங்காகிவிடும். அதனால் எண்ணையும் பக்கத்தில் போட்டுவிடுவது நல்லது. என் கணக்கு இதுதான்: பிசகினால் ரசம் கெட்டுப்போகும் பொருள்களுக்கு எடை, அதாவது புளிக்கும் பருப்புக்கும். மிளகு, சீரகம், கடுகு, உப்பு எல்லாம் கரண்டி. பெருங்காயத்துக்கு ‘ஒரு பீஸ்கா’, ஒரு சிட்டிகை. கொத்தமல்லித் தழைக்கு ‘ஒரு புன்யாதோ’, ஒரு கைப்பிடி. அரைக் கரண்டி சீரகத்தைக் கிராமாக்கினால், அதை நிறுக்கக்கூடிய தராசு பலர் அடுப்பங்கரையில் இருக்காது.

திரவ அளவில் ஒரு சின்ன விஷயம். ஸ்பெயினில் தசமத்துக்குக் காற்புள்ளி, மெக்சிகோவில் நம்மைப் போலப் புள்ளி. ஒரே தாள் இரண்டு இடத்துக்கும் போவதால் தசம எண்ணே வராமல் எழுதிவிடலாம். அரை லிட்டரை ‘மேதியோ லீத்ரோ’ என்று சொல்லால் எழுதலாம், இல்லாவிட்டால் 500 மில்லிலிட்டர்.

நாம் அளவு என்று நினைக்காத ஒரு அளவும் நம் குறிப்புகளில் இருக்கிறது: குக்கர் விசில். “மூன்று விசில் விட்டு இறக்கு” என்பது ஸ்பெயினில் ஒருவருக்குப் பயன்படவே படாது. அங்கே விற்கும் புதிய அழுத்தச் சட்டிகளில் பல சுருள்வில் வால்வு உள்ளவை. நம் குக்கர் போல விட்டுவிட்டு விசில் அடிக்காது. ஒரு குச்சி மேலே எழும்பி அழுத்தம் வந்துவிட்டதைக் காட்டும், அவ்வளவுதான். மூன்று விசிலுக்காகக் காத்திருப்பவர் பருப்பைக் கருக்கிவிடுவார். அதனால் விசிலை நிமிடமாக மாற்ற வேண்டும்: அரைமணி நேரம் ஊறிய துவரம்பருப்பு, அழுத்தம் ஏறியபின் சிறுதீயில் 10 நிமிடம்.

ஆனால் நிமிடத்தை மட்டும் நம்பினால் மெக்சிகோ நகரத்தில் இடறும், அதிலும் திறந்த பாத்திரத்தில் வேகவைப்பவருக்கு. அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீரின் சூடே குறைவு என்பதால் பருப்பு வேக நேரம் கூடும். கடலோரச் சிங்கப்பூரில் நாம் பார்த்த நேரம் அங்கே போதாது. நிமிடத்தை எழுதிவிட்டு, உடனே வெந்ததன் அடையாளத்தையும் எழுத வேண்டும்: “அஸ்தா கெ செ தெஸாகா எந்த்ரெ லோஸ் தேதோஸ்”, விரல்களுக்கிடையே நசுங்கிப்போகும் வரை. நேரம் இடத்துக்கு இடம் மாறும். விரலுக்குத் தெரிவது மாறாது.

வினைச்சொற்களுக்கு வருவோம். ஸ்பானிஷில் வேகவைப்பதற்கு ‘கொசேர்’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது, ஸ்பெயினில் எல்லோரும் அதையே சொல்வார்கள். லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் அதுவும், தைப்பதைக் குறிக்கும் சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும். அதனாலோ என்னவோ அந்தப் பக்கம் ‘கொசினார்’ என்பது அதிகம் புழங்குகிறது. எழுத்தில் இரண்டும் எங்கும் புரியும், இதில் அதிகம் யோசிக்க வேண்டாம்.

மிளகு சீரகத்தைத் தட்டுவதற்கு மூன்று சொற்கள் போட்டி போடும். ‘மொலேர்’ என்றால் அரைப்பது. படிப்பவர் மின் அரைப்பானில் போட்டு நைஸ் தூளாக்கிவிடுவார், ரசம் கலங்கிக் கசப்பேறிவிடும். ‘மச்சகார்’ என்றால் நசுக்குவது, எல்லா நாட்டிலும் புரியும். மெக்சிகோவில் ‘மர்தஹார்’ என்று ஒரு சொல் உண்டு. ஒன்றிரண்டாக, கரகரப்பாக உடைப்பதற்கே உரியது. அவர்கள் எரிமலைக் கல்லில் செய்த ‘மோல்கஹேத்தெ’ என்ற மூன்று கால் குழிக்கல்லில் இதைச் செய்வார்கள். மெக்சிகோ மாமியாருக்கு மட்டும் என்றால் ‘மர்தஹார்’ என்றே எழுதியிருப்பேன், இந்த வேலைக்கு அவ்வளவு பொருந்திய சொல்லைத் தமிழிலேயே தேட வேண்டியிருக்கும். பொதுத் தாள் என்பதால் ‘மச்சகார்’ என்று எழுதி, தூளாக்க வேண்டாம், உடைந்த மணிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

அடுத்தது தாளிப்பு. இந்தக் குறிப்பில் இதுதான் மிகக் கடினமான இடம்.

முதல் தேர்வு ‘தெம்ப்ளார்’. இந்தியச் சமையலைப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளில் வரும் சொல்லை அப்படியே ஸ்பானிஷாக்கியது போல இருக்கும். ஸ்பானிஷ் சமையலறையில் அந்தச் சொல் இளஞ்சூடாக்குவதையும், சாக்லேட்டைப் பதப்படுத்துவதையும்தான் குறிக்கிறது. எண்ணெயை இளஞ்சூடாக்கினால் கடுகு வெடிக்கவே வெடிக்காது. இதை ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது ‘சொஃப்ரெயீர்’. ஸ்பானிஷ் சமையலில் இதற்குப் பெரிய இடம் உண்டு: வெங்காயம், பூண்டு, தக்காளியை மிதமான சூட்டில் பொறுமையாக வதக்குவது. நாம் குழம்புக்கு வெங்காயம் வதக்குவதற்கு இது நன்றாகப் பொருந்தும். தாளிப்புக்கு வராது. சூடு போதாது என்பது ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம் வரிசை. ‘சொஃப்ரெயீர்’ சமையலின் தொடக்கத்தில் நடப்பது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் அவர் எல்லாவற்றையும் முதலில் வதக்கிவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றுவார். அம்மாவின் ரசத்தில் தாளிப்பு கடைசியில் வருகிறது.

மூன்றாவது ‘ரெஃப்ரீத்தோ’. இதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஸ்பெயினின் வடக்கே, பில்பாவோ இருக்கும் பாஸ்க் பகுதியில், சுட்ட மீனின்மேல் ஊற்றுவதற்காக ஆலிவ் எண்ணெயில் பூண்டுத் துண்டுகளையும் காய்ந்த மிளகாயையும் பொன்னிறமாக்குவார்கள். கொஞ்சம் வினிகரும் சேரும். சூடாக அப்படியே மீன்மேல் ஊற்றுவார்கள். எண்ணெய், மிளகாய், பூண்டு, கடைசி நிமிடத்தில் ஊற்றுவது என்று நம் தாளிப்புக்கு இவ்வளவு நெருங்கியதை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. பில்பாவோ நாத்தனாருக்கு ‘ரெஃப்ரீத்தோ போல’ என்றால் உடனே கை பழகிவிடும். ஆனால் மெக்சிகோவில் இந்தச் சொல்லைக் கேட்டால், மசித்துக் கொழுப்பில் கிளறிய பயறுதான் நினைவுக்கு வரும். ஈக்வடாரில் அது வெங்காய வதக்கல். பொதுத் தாளில் போட முடியாத சொல்.

அதனால் தாளிப்புக்குப் பெயரே வைக்காமல், நடப்பதை நடக்கும் வரிசையில் எழுதுவதைத் தேர்ந்தேன். சிறிய வாணலியில் எண்ணெயைச் சூடாக்கவும். கடுகைப் போடவும். கடுகு வெடிக்கத் தொடங்கும்போது மூடவும். சத்தம் அடங்கியதும் மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு, பத்து நொடியில் எல்லாவற்றையும் எண்ணெயோடு ரசத்தில் கொட்டவும். ஒரு சொல்லுக்குப் பதில் நான்கு வாக்கியம் ஆகிறது. ஆனால் இந்த நான்கில் எதைத் தவறவிட்டாலும் ரசம் ரசமாக இருக்காது, எனவே நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கடுகு வெடிப்பதற்குச் சொல் தேர்ந்தெடுப்பதில் ஒரு குழி இருக்கிறது. வெடித்துத் துள்ளுவது ‘சல்தார்’. நடுவில் ஒரு ‘எ’ நுழைந்து ‘சல்தெஆர்’ ஆகிவிட்டால், அது வாணலியில் அதிகச் சூட்டில் புரட்டிப் புரட்டி வதக்குவது. எழுதும்போது கை தானாகவே சமையல் சொல்லான இரண்டாவதற்குப் போகும், திருத்திப் படிப்பவருக்கும் அது பிழையாகத் தெரியாது. “அஸ்தா கெ லாஸ் செமீயாஸ் எம்பியேசென் ஆ சல்தார்”, விதைகள் துள்ளத் தொடங்கும் வரை, என்பதே சரி. சந்தேகம் வேண்டாம் என்றால் ‘ரெபென்தார்’, வெடிப்பது, என்று போட்டுவிடலாம். பொரியும் சத்தத்துக்கு ‘சிஸ்பொர்ரொதெஆர்’ என்று அழகான ஒலிக்குறிப்புச் சொல்லும் இருக்கிறது. ஆனால் அது எண்ணெய் தெறிப்பதையும் சேர்த்துக் குறிக்கும் என்பதால் விதையின் நிலை அதில் தெளிவாகத் தெரியாது.

ரசத்தை இறக்கும் தருணத்துக்கு ஸ்பானிஷே உதவி செய்கிறது. “நுரை கூடி வரும்போது இறக்கிவிடு, தளதளவென்று கொதிக்க விடாதே” என்பார் அம்மா. கொதி கிளம்பும் அந்தக் கணத்துக்கு ‘ரொம்பேர் ஆ எர்பீர்’ என்று ஸ்பானிஷில் ஒரு தொடர் வழக்கத்தில் இருக்கிறது. “குவாந்தோ சூபா லா எஸ்பூமா, ஆந்தெஸ் தெ கெ ரோம்பா ஆ எர்பீர், அபகார் எல் ஃபுயேகோ.” நுரை எழும்பியதும், கொதி கிளம்பும் முன், அடுப்பை அணைக்கவும். ஒரு சின்ன ஆபத்து, அங்கே சூப்பில் எழும் நுரையை அழுக்கு என்று கரண்டியால் எடுத்துப் போடும் வழக்கம் உண்டு. நுரையை எடுக்க வேண்டாம் என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள்.

வினைகளை எந்த வடிவத்தில் எழுதுவது என்பதும் ஒரு தேர்வு. நீ, நீங்கள் என்று ஸ்பானிஷிலும் உண்டு. அர்ஜென்டினாவில் ‘நீ’க்கே வேறு வடிவம். மாமியாரிடம் ‘நீ ஊறவை’ என்று எழுத என் அக்கா மகளுக்கு மனம் வராது. நாத்தனாரிடம் ‘ஊறவையுங்கள்’ என்று மரியாதை வடிவத்தில் எழுதினால், ஸ்பெயினில் அது அந்நியமாகத் தெரியும். வினையின் மூல வடிவத்தையே எழுதினால் இந்தச் சங்கடம் இல்லை: ‘ரெமொஹார்’, ‘கொலார்’, ‘பெர்தேர்’. நம் சமையல் குறிப்புகளில் வரும் ‘ஊறவைக்கவும்’, ‘வடிகட்டவும்’, ‘ஊற்றவும்’ போலவே இது யாரையும் விளித்துப் பேசாது, யாருடைய மரியாதையையும் குறைக்காது. ஸ்பானிஷ் குறிப்புகளிலும் இது மிகவும் வழக்கமான வடிவம்.

தமிழில் நாம் ‘வேகவைத்து, மசித்து, புளிக்கரைசலில் சேர்த்து, கொதிக்கவிட்டு’ என்று ஒரே மூச்சில் எழுதிக்கொண்டே போவோம். இதை ஸ்பானிஷாக்கும்போது ‘-ஆந்தோ’, ‘-யெந்தோ’ என்று முடியும் வடிவங்களைப் போடக் கை துடிக்கும். அந்த வடிவம் பெரும்பாலும் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பதைச் சொல்வது, கிளறிக்கொண்டே ஊற்றுவது போல. ‘வேகவைத்து மசித்து’ என்பதை அப்படி எழுதினால், பருப்பு வேகும்போதே மசிக்கச் சொன்னது போல ஆகிவிடும். ஒரு வேலை முடிந்தபின் அடுத்தது என்று காட்ட ‘ஊனா பெஸ்’ என்ற தொடர் இருக்கிறது. “ஊனா பெஸ் கொசீதோ எல் தூர் தால், மச்சகார்லோ”, தூர் தால் வெந்தபின் அதை மசிக்கவும். எங்கே தமிழில் இரண்டுக்கும் மேற்பட்ட எச்சங்கள் தொடர்கிறதோ, அங்கே வாக்கியத்தை வெட்டிவிடுங்கள்.

கடைசியில் தாளில் போனது நான்கு பேருக்கான அளவு. தூர் தால் 50 கிராம், சர்க்கரை இல்லாத, விதை நீக்கிய புளி 20 கிராம், நடுத்தரத் தக்காளி இரண்டு, கருமிளகு ஒரு சிறு கரண்டி, சீரகம் ஒன்றரைச் சிறு கரண்டி, பூண்டு நான்கு பல், மஞ்சள்தூள் கால் சிறு கரண்டி, எல்லாம் சேர்த்துத் தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு ஒன்றரைச் சிறு கரண்டி, கொத்தமல்லித் தழை ஒரு கைப்பிடி. தாளிக்க எண்ணெய் ஒரு பெரிய கரண்டி, கடுகு அரைச் சிறு கரண்டி, மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை பத்து இலை, பெருங்காயம் ஒரு சிட்டிகை. கடுகுக்குக் ‘கருப்பு’ என்று சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் வெறும் ‘மொஸ்தாசா’ என்றால் மஞ்சள் கடுகும் வரும், குப்பியில் விற்கும் கடுகு விழுதும் வரும்.

தலைப்பில் ரசத்தை ‘சோபா’ என்று சூப்பாக்கவில்லை. சூப் என்றால் ஸ்பெயினில் தனியாக முதல் தட்டாக வைத்துக் குடித்துவிடுவார்கள், சோறு கூட வராது. ‘ரசம்’ என்றே எழுதி, அடுத்த வரியில் ‘கால்தோ ஆசிதோ இ பிகாந்தெ, பாரா தொமார் கோன் அர்ரோஸ்’ என்று போட்டேன்: புளிப்பும் காரமுமான தெளிந்த சாறு, சோற்றோடு சாப்பிடுவது. மாமியார் தாளைப் படித்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, சோற்றை ரசத்தில் போடுவதா, ரசத்தைச் சோற்றில் ஊற்றுவதா என்பதுதான். அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டோம்: ரசம் சோற்றின்மேல்.